சைனா, டேனா என்று கேட்கும் முன்

எதிர்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. கணக்கு நோட்டோடு வந்தாள் என்றால் வாசற்படியிலேயே கேள்வி தொடங்கிவிடும். அன்றைக்கும் அப்படித்தான்.

"மாமா, இதுக்கு சைனா, டேனா?"

ஏதோ அயல்நாட்டு விவகாரம் என்று நினைத்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். முக்கோணவியல் பாடத்தின் பின்பாதியில் வரும் 'உயரங்களும் தொலைவுகளும்' பகுதியிலிருந்து ஒரு கணக்கு. 60 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒருவர் நிற்கிறார். கடலில் ஒரே திசையில், ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு படகுகள். அவற்றின் இறக்கக்கோணங்கள் 45°, 30°. படகுகளுக்கு இடையே எவ்வளவு தொலைவு?

"படம் எங்கே?" என்றேன்.

"படம் கடைசியா போடுவேன் மாமா. அதுக்கு ஒரு மார்க்தான்."

இந்தக் கணக்குகள் எங்கே தடுக்குகின்றன என்பது அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிட்டது. சைன், கொசைன், டேன் மூன்றும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களுக்கு இடையே உள்ள விகிதங்கள். கலங்கரை விளக்கத்துக்கும் படகுக்கும் சைன் கிடையாது, முக்கோணத்துக்குத்தான் உண்டு. முக்கோணமே இல்லாதபோது எந்த விகிதம் என்று கேட்பது, பெண் பார்ப்பதற்கு முன்பே சீர்வரிசைப் பட்டியல் போடுவது மாதிரி.

நோட்டைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். முதலில் நேராக நிற்கும் ஒரு கோடு, அது விளக்கம். அதன் அடியிலிருந்து வலப்பக்கம் படுத்திருக்கும் ஒரு கோடு, அது கடல்மட்டம். இரண்டும் சந்திக்கும் மூலையில் செங்கோணத்துக்கான சின்னச் சதுரம். அந்தச் சதுரத்தைப் போடாமல் மேலே போகக் கூடாது. விகிதங்களைப் பயன்படுத்தும் உரிமையே அதிலிருந்துதான் வருகிறது. கடல்கோட்டில் இரண்டு புள்ளிகள், இரண்டு படகுகள். உச்சியிலிருந்து ஒவ்வொரு படகுக்கும் சாய்வாக ஒரு கோடு. அவை பார்வைக் கோடுகள்.

இதுவரை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். அடுத்தது கோணத்தைக் குறிப்பது. அவள் கொஞ்சமும் தயங்காமல், உச்சியில் விளக்கத்துக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில், முக்கோணத்துக்கு உள்ளேயே 30° என்று எழுதினாள். இந்தப் பாடத்தில் நான் அதிகம் பார்த்திருக்கும் தவறு இதுதான். முக்கோணத்துக்குள் ஒரு மூலை காலியாக இருக்கிறது, கையில் ஒரு கோணம் இருக்கிறது, உள்ளே போட்டுவிடலாம் என்று கை போய்விடுகிறது.

ஏற்றக்கோணமோ இறக்கக்கோணமோ, இரண்டையுமே கிடைமட்டத்திலிருந்துதான் அளக்க வேண்டும். உச்சியில் நிற்பவர் முதலில் தலையை நிமிர்த்தி நேராகத் தொடுவானத்தைப் பார்க்கிறார் என்று வையுங்கள். பிறகு படகைப் பார்க்கத் தலையைக் குனிகிறார். அவர் எவ்வளவு குனிந்தார் என்பதே இறக்கக்கோணம். அப்படியானால் அதைக் குறிக்க உச்சியிலிருந்து கடலுக்கு இணையாக இன்னொரு கோடு வேண்டும். கதையில் அந்தக் கோடு பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது, நாமாகத்தான் போட வேண்டும். நான் அதைப் புள்ளிக்கோடாகப் போடச் சொல்வேன். கோணம் அந்தப் புள்ளிக்கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில், அதாவது முக்கோணத்துக்கு வெளியே நிற்கும்.

வெளியே நிற்கிற கோணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புள்ளிக்கோடும் கடல்கோடும் இணை. பார்வைக் கோடு இரண்டையும் வெட்டுகிறது. கீழ் வகுப்பில் படித்த ஒன்றுவிட்ட கோணங்கள் இங்கே கைகொடுக்கும். உச்சியில் வெளியே இருக்கும் 30°, கீழே படகின் இடத்தில் முக்கோணத்துக்கு உள்ளே அதே 30° ஆக வந்து உட்கார்ந்துவிடும். உச்சியிலிருந்து படகைப் பார்க்கும் இறக்கக்கோணமும் படகிலிருந்து உச்சியைப் பார்க்கும் ஏற்றக்கோணமும் ஒன்றே என்பதற்கு இதுதான் காரணம். மனப்பாடம் செய்ய வேண்டிய தனி விதி எதுவும் இல்லை.

கோணத்தைத் தவறாக உள்ளே போட்டால் என்ன ஆகும் என்று அவளையே செய்து பார்க்கச் சொன்னேன். 45° படகு 60 மீட்டரில் வந்தது. 30° படகு 34.64 மீட்டரில் வந்தது. இடைவெளி 25.36 மீட்டர். இதில் சங்கடம் என்னவென்றால், அந்த விடையைப் பார்த்தால் தவறு என்றே தோன்றாது. கழித்தல் குறி இல்லை, நம்ப முடியாத எண்ணும் இல்லை. படகுகள் 25 மீட்டர் தள்ளி நிற்கக் கூடாதா என்ன? விடைத்தாளில் அடிக்கோடு போட்டு நிம்மதியாக எழுந்து போய்விடலாம்.

தவறைக் காட்டிக்கொடுப்பது விடை இல்லை, படம்தான். 30° படகு 45° படகைவிடக் கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மொட்டைமாடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாசலில் நிற்கும் சைக்கிளைப் பார்க்க நன்றாகக் குனிய வேண்டும், தெருமுனைப் பெட்டிக்கடையைப் பார்க்கக் கொஞ்சம் குனிந்தால் போதும். தொலைவு கூடக்கூட இறக்கக்கோணம் குறையும். ஆகவே 30° படகுதான் தொலைவில் நிற்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. 45° என்றால் உயரமும் தொலைவும் சமம். அதைவிடச் சிறிய கோணம் என்றால் தொலைவு உயரத்தைவிட அதிகம். 30° படகு 34 மீட்டரில் வந்தது என்றால், 60 மீட்டர் உயரத்துக்கு அது ஒத்தே வராது.

படத்தைத் திருத்தினோம். இனி பெயர் போடும் வேலை. விளக்கத்தின் பக்கத்தில் 60. அடியிலிருந்து பக்கத்துப் படகு வரை x. படகுகளுக்கு இடையே d. தொலைவுப் படகு வரை x + d. படகுகள் இருக்கும் மூலைகளில் 45°, 30°. தெரிந்ததும் தெரியாததும் எல்லாம் கோடுகளின் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், பக்கத்தில் பட்டியலாக அல்ல.

"இப்ப சொல்லு. சைனா, டேனா?"

அவள் படத்தைப் பார்த்தாள். பார்வைக் கோட்டின் மேல் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. அதாவது கர்ணம் நமக்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை. கர்ணத்தைத் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பவை எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும்தான். அந்த இரண்டையும் இணைக்கும் விகிதம் டேன். யோசிக்க வேண்டியது அவ்வளவுதான். பெயர் எழுதாத பக்கத்தைத் தள்ளினால் விகிதம் தானாக வந்து நிற்கும்.

tan 45° = 60/x, எனவே x = 60.
tan 30° = 60/(x + d), எனவே x + d = 60√3 = 103.92.
d = 103.92 − 60 = 43.92 மீட்டர்.

எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம் என்பவை பிறந்ததிலிருந்து ஒரு கோட்டோடு ஒட்டிய பெயர்கள் அல்ல. எந்தக் கோணத்தில் நிற்கிறோமோ, அதைப் பொறுத்து மாறும். கோணத்தை உச்சியில் வைத்தால் கடல்கோடு எதிர்ப்பக்கம், படகில் வைத்தால் விளக்கம் எதிர்ப்பக்கம். கோணத்தைக் குறிக்கும் முன்பே இந்தப் பெயர்களை எழுதிவிடும் பிள்ளைகள் பாதிவழியில் குழம்புவது இதனால்தான்.

கதையை முக்கோணமாக மாற்றும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்குகளில் வரும் சில சொற்கள் அலங்காரம் போலத் தெரியும். 'நூலில் தொய்வு இல்லை எனக் கொள்க' என்று பட்டக் கணக்கில் போட்டிருப்பார்கள். தொய்ந்த நூல் வளைகோடு, முக்கோணத்தின் பக்கமாக அதை ஏற்க முடியாது. அந்த ஒரு வாக்கியம்தான் நூலைக் கர்ணமாக்குகிறது. நூலின் நீளம் தெரிந்து பட்டத்தின் உயரம் கேட்டால், அங்கே கர்ணமும் எதிர்ப்பக்கமும் இருக்கின்றன, சைன் வருகிறது. 'சமதளமான தரை', 'செங்குத்தான கம்பம்' இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சின்னச் சதுரத்தைப் போடும் அனுமதி. நம் படகுக் கணக்கில் 'ஒரே திசையில்' என்று இருக்கிறதே, அது இல்லாவிட்டால் ஒரு படகு கிழக்கிலும் இன்னொன்று தென்கிழக்கிலும் நிற்கலாம். அப்போது இரண்டு முக்கோணங்களையும் ஒரே தாளில் தட்டையாக வரையவே முடியாது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றால் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்ட வேண்டும். ஒரு சொல்லில் விடை 43.92 இலிருந்து 163.92 ஆகிவிடும்.

கதையில் கேட்கும் பொருளே முக்கோணத்தின் ஒரு பக்கமாக இல்லாமல் போவதும் உண்டு. புயலில் முறிந்த மரம் அப்படி. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போன பிறகு டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மரம் நடுவில் முறிந்து, மேற்பகுதி அடியோடு ஒட்டியபடியே சாய்ந்து, நுனி தரையைத் தொடுகிறது. நுனி இருக்கும் இடம் அடிமரத்திலிருந்து 6 மீட்டர். சாய்ந்த பகுதி தரையோடு 30° கோணம். முறியும் முன் மரத்தின் உயரம் என்ன?

கை பழகியவர்கள் உடனே மரத்தை h என்று நேர்கோட்டில் எழுதி, tan 30° = h/6 என்று போட்டு, 3.46 மீட்டர் என்று முடித்துவிடுவார்கள். அது நிற்கிற கட்டையின் உயரம் மட்டும்தான். விழுந்த துண்டு எங்கே? படத்தில் அது கர்ணமாகப் படுத்திருக்கிறது. மரத்தின் ஒரு பாதி எதிர்ப்பக்கம், மறுபாதி கர்ணம். இரண்டுக்கும் தனித்தனி எழுத்து கொடுத்தால் இரண்டு தெரியாதவை, ஆகவே இரண்டு விகிதங்கள். கட்டைக்கு டேன்: 6 × tan 30° = 3.46. விழுந்த துண்டுக்குக் கொசைன், ஏனென்றால் அங்கே தெரிந்தது அடுத்துள்ள பக்கம், வேண்டியது கர்ணம்: 6/cos 30° = 6.93. கூட்டினால் 10.39 மீட்டர். 'டேனா, கொசைனா?' என்று ஒரே ஒரு விகிதத்தைத் தேடியவருக்கு இந்தக் கணக்கு கடைசிவரை பிடிபடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே ஒரு யோசனையோடு வந்தாள். எங்கள் தெருக்கோயில் கோபுரத்தை அளக்க வேண்டுமாம். அடிவாரத்தில் பூக்கடையும் செருப்புக் காப்பகமும், அளவுநாடாவை அங்கேயிருந்து பிடிக்க வழியில்லை. சன்னதித் தெரு மட்டும் நேராகவும் மேடுபள்ளம் இல்லாமலும் இருந்தது. அடிவரை போக முடியாத உயரத்தை, இரண்டு இடங்களில் நின்று அளக்கலாம்.

கருவி வீட்டிலேயே கிடைத்தது. ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானி, அதன் நேர்விளிம்பில் செல்லோ டேப் போட்டு ஒட்டிய ஜூஸ் குழல், மையத்துளையிலிருந்து ஒரு நூல், நூலின் முனையில் ஒரு நட்டு. குழல் வழியாகக் கோபுரத்தின் கலசத்தைப் பார்க்க வேண்டும். நட்டு ஆடாமல் நின்றதும் நூல் எந்த எண்ணின் மேல் கிடக்கிறது என்று பக்கத்தில் நிற்பவர் படிக்க வேண்டும்.

தெருவின் கோடியில் நின்று அவள் பார்த்தாள், நான் படித்தேன். 60 என்று காட்டியது. "அறுபதா? இவ்வளவு தூரத்துலயா?" என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. எனக்கு மகிழ்ச்சி. குழலைக் கிடைமட்டமாகப் பிடித்தால் நூல் 90-இல் தொங்கும். குழலை 30° தூக்கினால் நூல் 60-க்குப் போகும். நூல் காட்டுவது செங்குத்தைப் பொறுத்த கோணம், நமக்கு வேண்டியது கிடைமட்டத்தைப் பொறுத்தது, ஆகவே 90-இலிருந்து கழிக்க வேண்டும். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் உள்ளே எழுதிய அதே தவறு, இப்போது நட்டும் நூலுமாக வேறு வேஷத்தில் வந்து நின்றது.

அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம். பிறகு நூல் 45-ஐக் காட்டும் வரை கோபுரத்தை நோக்கி நடந்தோம். அங்கே ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே கிட்டத்தட்ட 20 மீட்டர்.

படம் போட உட்கார்ந்தபோது அவள் பேனாவை நிறுத்தினாள். "மாமா, இது அந்தப் படகுப் படம்தான்!"

அதேதான். நேராக நிற்கும் ஒரு கோடு, 45°, 30°, நடுவில் ஓர் இடைவெளி. அங்கே உயரம் தெரியும், இடைவெளி தெரியாது. இங்கே இடைவெளி தெரியும், உயரம் தெரியாது. கடலும் படகும் போய்த் தெருவும் சாக்பீஸ் கோடும் வந்திருக்கின்றன, முக்கோணம் மாறவில்லை. இதிலும் ஒரு பள்ளம் உண்டு: 20-ஐப் பெரிய முக்கோணத்தின் அடிப்பக்கமாக எழுதிவிடுவது. 20 என்பது இரண்டு கோடுகளுக்கு நடுவே நடந்த தூரம் மட்டும்தான். செங்கோணம் கோபுரத்துக்கு அடியில் இருக்கிறது, அங்கே வரை x இருக்கிறது. பெரிய முக்கோணத்தின் அடிப்பக்கம் x + 20. அருகிலிருக்கும் கோணம் 45° என்பதால் x = h. எனவே tan 30° = h/(h + 20), அதாவது h(√3 − 1) = 20, h = 27.3 மீட்டர்.

இத்தோடு முடியவில்லை. நாங்கள் கோணத்தைத் தரையில் வைத்து அளக்கவில்லை, அவள் கண்ணில் வைத்து அளந்தோம். முக்கோணத்தின் அடிப்பக்கம் தெருவில் இல்லை, தெருவுக்கு மேலே அவள் கண்மட்டத்தில் ஓடுகிறது. 1.4 மீட்டரைச் சேர்த்தால் கோபுரம் 28.7 மீட்டர். புத்தகத்தில் '1.5 மீட்டர் உயரமுள்ள ஒரு மாணவன்' என்று தொடங்கும் கணக்குகளில் அந்த 1.5 எதற்கு என்று பலருக்கும் புரிவதில்லை. படத்தில் கோபுரத்தை இரண்டு துண்டாக்கி, கண்மட்டத்துக்குக் கீழே 1.5 என்றும் மேலே h என்றும் எழுதினால் கேள்வியே எழாது.

28.7 என்று புள்ளி வைத்துச் சொன்னாலும் அந்த எண்ணை அவ்வளவு நம்பக் கூடாது. கோணமானியும் நூலும் வைத்து ஒரு பாகை துல்லியம் கிடைப்பதே பெரிது. 30° என்று நாங்கள் படித்தது உண்மையில் 31° ஆக இருந்தால் h 30.1 மீட்டர் ஆகிவிடும். 29° ஆக இருந்தால் 24.9. ஒரு பாகைக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் ஆட்டம். இரண்டு கோடுகளும் நெருங்க நெருங்க இந்த ஆட்டம் கூடும், அதனால் தெரு இடம் கொடுக்கும் வரை தள்ளி நின்று அளப்பது நல்லது.

இதே வேலையைத் துல்லியமாகச் செய்யப் புறப்பட்டவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏழு மைலுக்கு மேல் நீளமான ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதன் மேல் முக்கோணங்களை அடுக்கத் தொடங்கினார். அவருடைய கோணம் அளக்கும் கருவியான தியோடலைட் அரை டன் எடை. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமானது. லாம்டன் அதைச் சீர்செய்து மீண்டும் அளக்கக் கிளம்பினார்.

அந்த அளவைப் பணி வடக்கே போய் இமயத்தைத் தொட்டபோது, நம் பாடத்தின் சின்னச் சதுரமே சிக்கலில் மாட்டியது. எவரெஸ்ட் சிகரத்தைச் சுமார் 100 மைல் தள்ளி, இந்தியச் சமவெளியில் நின்று பார்த்தார்கள். அவ்வளவு தூரத்தில் தரை தட்டையான கோடு இல்லை. 160 கிலோமீட்டரில் பூமியின் வளைவு மட்டுமே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் உயரத்தை விழுங்கிவிடும். அதோடு காற்று ஒளியை வளைப்பதால் பார்வைக் கோடும் நேர்கோடாக இருப்பதில்லை. இரண்டுக்கும் திருத்தம் செய்துதான் 1856-இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த 8,848.86 மீட்டரை அடியாக்கினால் இரண்டுக்கும் வித்தியாசம் 30 அடி அளவுதான். எங்கள் சன்னதித் தெருவுக்கு வளைவைப் பற்றிய கவலை வேண்டாம்.

நோட்டை மூடிவைத்த பிறகும் அவள் போகவில்லை. பழைய பக்கத்தைத் திருப்பி, கலங்கரை விளக்கப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, உச்சியில நிக்கறவருக்கும் கண்ணு இருக்கே. அது 60-க்கு மேலதானே இருக்கும்?"

இருக்கும்தான். கணக்குப் போட்டவர் அந்த மனிதரை ஒரு புள்ளியாக்கி விளிம்பில் உட்காரவைத்துவிட்டார். நோட்டைத் திரும்ப வாங்கி, 60-ஐ 61.4 ஆக்கிப் பார்த்தோம். படகுகள் 44.95 மீட்டர் இடைவெளிக்குப் போயின. ஒரு மீட்டர் கூடுதல்.

"பரீட்சையில எதை எழுதறது?"

"43.92-ஐ எழுது. படத்துல கண்ணை உச்சிப் புள்ளியிலேயே வை."